நாற்பதுக்கு நாற்பது வேலி

எங்கள் வீடு ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி இருவர், அவர்கள் அம்மா. இரண்டு சி.என்.சி. லேத், ஒரு ரம்பம், நாலைந்து ஆட்கள் கொண்ட சின்னப் பட்டறையை இருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பெரிய தொழிற்சாலைக்கு, இவர்கள் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார்கள். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு லேத்தில் கை தேய்ந்தவர். தம்பி எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவர்.

போன மார்கழியில் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணா, பசங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை. பட்டறையைப் பிரிக்கலாம்னு பேச்சு வந்துடுச்சு. நீங்க கணக்குத் தெரிஞ்சவர். என்னன்னு கேளுங்க" என்றார்கள்.

கேட்டேன். சண்டை ஒரு டன் இரும்புக்காக.

இவர்களுக்கு வேண்டிய இ.என்.8 ரவுண்ட் பார் பெங்களூர் பீன்யாவில் ஒரு டீலரிடமிருந்து வருகிறது. தம்பி கணினியில் கணக்குப் போட்டு, ஒவ்வொரு முறையும் 4 டன்தான் வாங்க வேண்டும், அதுதான் ஈ.ஓ.க்யூ., அதாவது மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் அளவு என்று எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறார். அண்ணன் அவரிடம் கேட்காமலே 5 டன் சொல்லிவிட்டார். டீலர் 5 டன்னாக எடுத்தால் கிலோவுக்கு 50 பைசா குறைப்பதாகச் சொன்னாராம், வண்டியிலும் இடம் இருந்ததாம். "படிச்ச கணக்குக்கு இந்த வீட்டில் மரியாதை இல்லை" என்று தம்பிக்குக் கோபம். "இருபது வருஷம் இரும்பு வாங்கினவனுக்கு ஒரு டன் கூட்டிச் சொல்ல உரிமை இல்லையா" என்று அண்ணனுக்குக் கோபம்.

இருவர் சொன்னதையும் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே தகராறில் ஒரு காலத்தில் என் உத்தியோகமே ஆட்டம் கண்டிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் எங்கள் முசியே சொல்லிக்கொடுத்த வேலியைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அறுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கணக்கு எடுத்த முசியே வெள்ளைக் கால்சட்டையும் கையில் பிரம்புமாக வருவார். விடையில் 'அ பே ப்ரே' என்று எழுதினால் போச்சு. 'ஏறக்குறைய' என்று அதற்குப் பொருள். "ஏறக்குறைய என்பது மளிகைக் கடையில் சொல்லும் வார்த்தை" என்று பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்.

அந்த மனிதர்தான் ஒரு நாள் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டார். ஒருவனுக்கு 1,600 சதுர மீட்டர் நிலம் வேண்டும். நீளம், அகலம் அவன் இஷ்டம், ஆனால் நாலு மூலையும் செங்கோணம். வேலி மிகக் குறைவாக வர எப்படி அளக்க வேண்டும்?

விடை சதுரம். 40 மீட்டருக்கு 40 மீட்டர், சுற்றி வேலி 160 மீட்டர். அது எல்லோருக்கும் வந்துவிட்டது. முசியே அதோடு விடவில்லை. "சர்வேயர் தூங்கிவிட்டான். 40-க்குப் பதில் 50 அளந்துவிட்டான். பரப்பு மாறக்கூடாது. வேலி எவ்வளவு கூடும்?" என்றார்.

நீளம் 50 என்றால் அகலம் 32. வேலி 164 மீட்டர். நீளத்தில் பத்து மீட்டர், நாலில் ஒரு பங்கு, தப்பு செய்தும் வேலி கூடியது வெறும் 4 மீட்டர். நூற்றுக்கு இரண்டரை. எங்களால் நம்ப முடியவில்லை. முசியே கோட்டைப் படமாக வரைந்து காட்டினார். கோடு இறங்கி வந்து அடியில் ஒரு தட்டுப் போலப் படுத்து, மறுபடி ஏறியது. "அடியில் கோடு படுத்திருக்கிறது. படுத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் நகர்ந்தால் உயரம் மாறாது" என்றார். ஏறக்குறைய என்ற வார்த்தையை வெறுத்த மனிதர், ஏறக்குறைய எங்கே செல்லும் என்பதையும் தாமே காட்டிக் கொடுத்தார் என்று எனக்கு உறைத்தது இருபது வருஷம் கழித்துத்தான்.

பட்டறைக்கு வருகிறேன். அன்று மாலை இருவரையும் எங்கள் திண்ணையில் உட்காரவைத்து, தம்பியின் கணக்கையே வாங்கிப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. வருஷத்துக்கு 32 டன் வேண்டும். கிலோ 70 ரூபாய், டன்னுக்கு 70,000.

செலவு இரண்டு வகை. ஒவ்வொரு முறை சரக்கு வரவழைக்கும்போதும், அளவு எதுவானாலும், ஆகிற செலவு ஒன்று. பீன்யாவிலிருந்து கேன்டர் வண்டி வாடகை 2,200. ஹைட்ரா வைத்து இறக்க 600. வந்த லாட்டில் ஒரு துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் கொடுக்க 400. போன், பில், பேங்க், பதிவு எல்லாம் 300. ஆக 3,500 ரூபாய்.

இரண்டாவது, வாங்கிய சரக்கு படுத்துக் கிடப்பதற்கான செலவு. பேங்க் ஓ.டி. வட்டி, இடம், துரு, காப்பீடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 20 சதவிகிதம் என்று தம்பி வைத்திருந்தார். ஒரு டன் ஒரு வருஷம் கிடந்தால் 14,000 ரூபாய். லாட் வந்த அன்று முழுதாக இருக்கும், தீரும் அன்று ஒன்றும் இருக்காது. ஆகவே சராசரியாகப் பாதி லாட் கிடப்பதாகக் கொள்வது வழக்கம்.

4 டன்னாக வாங்கினால் வருஷத்துக்கு 8 தடவை. வரவழைக்கும் செலவு 28,000. சராசரி இருப்பு 2 டன், அதற்கு 28,000. மொத்தம் 56,000. இரண்டு செலவும் சமமாக வந்துவிட்டதல்லவா, அதுதான் அடித்தட்டு. சதுரத்தில் நீளமும் அகலமும் சமமாக இருப்பதைப் போல.

அண்ணன் சொன்ன 5 டன்னை எடுப்போம். வருஷத்துக்கு 6.4 தடவை, அதாவது ஐந்து வருஷத்தில் 32 வண்டி. வரவழைக்க 22,400. சராசரி இருப்பு 2.5 டன், 35,000. மொத்தம் 57,400. தம்பியின் அளவைவிட 1,400 ரூபாய் அதிகம். நூற்றுக்கு இரண்டரை.

சர்வேயர் 40-க்கு 50 அளந்த அதே தப்பு, அதே இரண்டரை. இது தற்செயல் இல்லை. லாட்டைப் பெரிதாக்கினால் ஒரு செலவு எத்தனை மடங்கு ஏறுகிறதோ, மற்றது அத்தனை மடங்கு இறங்குகிறது. 28,000-ஐ 28,000-ஆல் பெருக்கினாலும், 22,400-ஐ 35,000-ஆல் பெருக்கினாலும் ஒரே தொகைதான் வரும். இரண்டு செலவும் ஒரு நிலத்தின் நீளமும் அகலமும். பரப்பு மாறாது. நாம் குறைக்கப் பார்ப்பது வேலியை.

"வருஷத்துக்கு 22 லட்சத்து 40 ஆயிரத்துக்கு இரும்பு வாங்குகிறீர்கள். 1,400 ரூபாய்க்காகப் பட்டறையைப் பிரிக்கப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். இருவரும் தலை குனிந்துகொண்டார்கள்.

தம்பி விடவில்லை. "இருந்தாலும் 1,400 நஷ்டம் நஷ்டம்தானே அங்கிள்?"

"அந்த 50 பைசாவைப் போடு" என்றேன். கிலோவுக்கு 50 பைசா என்றால் டன்னுக்கு 500, 32 டன்னுக்கு 16,000 ரூபாய். 1,400 கொடுத்து 16,000 வாங்குகிறார் அண்ணன். சுவரில் ஒட்டிய 4 டன்னைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால், வருஷத்துக்கு 14,600 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். சூத்திரம் விலையைப் பார்ப்பதில்லை. விலை எந்த அளவுக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் அது 4 என்கிறது.

அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "அப்படின்னா அடியில தட்டையா இருக்குன்னு சொல்றீங்களே சார், 10 டன்னா ஒரே லாரியில இறக்கிடலாமா?" என்றார்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். தட்டு அடியில்தான் தட்டை, ஓரத்தில் ஏறிவிடும். 10 டன் என்றால் வரவழைக்க 11,200, கிடக்க 70,000, மொத்தம் 81,200. பெரிய லாரிக்கு வாடகை கூடும், அதைச் சேர்க்காமலே 25,200 ரூபாய் அதிகம். 50 பைசாவில் வரும் 16,000 இதற்குப் போதாது. அது போக, ஒரே நாளில் 7 லட்சம் வெளியே போகும். பாகம் வாங்கும் கம்பெனி தாமதமாகப் பணம் கொடுத்தால் சம்பளத்துக்கு எங்கே போவது?

அவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் எழுதுகிறேன். எந்தச் சரக்குக்கும், எந்த ஊருக்கும் பொருந்தும். சரியான அளவைவிடப் பத்து சதவிகிதம் கூடப் போனால் செலவு அரை சதவிகிதம்கூட ஏறாது. கால் பங்கு கூடினால் இரண்டரை சதவிகிதம். ஒன்றரை மடங்கு போனால் எட்டேகால் சொச்சம். இரண்டு மடங்கு போனால் 25. மூன்று மடங்கு போனால் 67-ஐ நெருங்கிவிடும்.

கணக்கு வேண்டுமென்றால் இதுதான்: நீங்கள் வாங்கும் அளவைச் சரியான அளவால் வகுங்கள், சரியான அளவை நீங்கள் வாங்கும் அளவால் வகுங்கள், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். செலவு எத்தனை மடங்கு என்று வந்துவிடும். வாடகை, வட்டி எதுவும் தெரிய வேண்டாம்.

குறைத்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதியாகக் குறைப்பதும் இரண்டு மடங்காக்குவதும் ஒரே நஷ்டம், இரண்டும் 25 சதவிகிதம். 2 டன்னாக வாங்கினாலும் 70,000, 8 டன்னாக வாங்கினாலும் 70,000. அதாவது 2 டன் குறைத்ததும் 4 டன் கூட்டியதும் சமம். குறையும் பக்கம் கரை செங்குத்து, கூடும் பக்கம் சரிவு. சந்தேகம் வந்தால் சற்றே கூட வாங்கு என்று பழைய ஸ்டோர் ஆட்கள் சொல்வதற்கு இது ஒரு நியாயம்.

தம்பி இன்னொரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "அந்த 4 டன்னே சரியா அங்கிள்? 20 சதவிகிதம் நானா வெச்சதுதானே?"

அதுதான் விஷயம். சுவரில் 4.00 டன் என்று இரண்டு பூஜ்யம் போட்டு எழுதியிருந்தார். உள்ளே போன எண்கள் ஊகம். துருவுக்கு எவ்வளவு, இடத்துக்கு எவ்வளவு என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? 20-க்குப் பதில் 15 சதவிகிதம் என்று வைத்தால் விடை 4.6 டன் ஆகிவிடும். அப்போது அண்ணனின் 5 டன்தான் பக்கத்தில் இருக்கும்! ஆனால் பயப்பட வேண்டியதில்லை. சூத்திரத்தில் வர்க்கமூலம் இருக்கிறது. எங்கள் பாஷையில் 'ரசின் கரே'. உள்ளே போகிற எண்ணில் இரண்டு மடங்கு தப்பு இருந்தாலும், வெளியே வருகிற அளவில் 1.4 மடங்குதான் தப்பு வரும். அந்த 1.4 மடங்கு அடித்தட்டில் போய் விழுந்தால் செலவில் 6 சதவிகிதம்தான் ஏறும். தப்பு இரண்டு இடத்தில் வடிகட்டப்படுகிறது.

ஓசூர்க்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான், பெயர் தெரியாமல். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும் வரை பெங்களூரிலிருந்து வரும் சரக்கு எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் நின்றுதான் வரும். அத்திப்பள்ளியிலிருந்தே லாரி வரிசை. தாள் பார்த்து முத்திரை விழும் வரை வண்டிக்கும் டிரைவருக்கும் காத்திருப்புக் கூலி. வேறு மாநிலத்துச் சரக்கு என்பதால் சி ஃபாரம் வேறு வாங்கிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு தடவை வரவழைக்கும் செலவு அப்போது இரண்டு மடங்கு, 7,000 என்று வைப்போம். சரியான அளவு 5.7 டன் வரும். செக்போஸ்ட் போய், செலவு 3,500 ஆன பிறகும் பழைய பழக்கத்தில் 5.7 டன்னாகவே வாங்கிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? வருஷத்துக்கு சுமார் 3,400 ரூபாய். அவ்வளவுதான். உலகம் மாறியதைக் கவனிக்காமல் இருந்ததற்கு அது பெரிய அபராதம் இல்லை.

இனி என் கதை.

எழுபதுகளில் மத்திய அரசுத் துறை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. நோட்டு எழுதத் தடுமாறுகிறவனை எங்கே வைப்பது? ஸ்டோர் பிரிவில் வைத்தார்கள். எண்களுக்குப் பாஷை கிடையாது அல்லவா? எண்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வாகனப் பணிமனையின் ஸ்டோரில் இருந்தேன்.

ஜீப்புக்கான ஆயில் ஃபில்டர், ஒன்று 40 ரூபாய். வருஷத்துக்கு 1,200 செலவாகும். மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் ஈ.ஓ.க்யூ. குறித்திருந்தார்கள். ஃபில்டருக்கு 240. அந்தக் கணக்கின்படி இரண்டு மாதம் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை இண்டெண்ட் போட வேண்டும். எங்களுக்கோ மற்ற சாமான் எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அட்டைப்பெட்டியில் 50 ஃபில்டர் இருக்கும், 240 கேட்டால் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ண வேண்டும். நான் 300 என்று போட்டேன். மூன்று மாதச் செலவு, ஆறு முழுப் பெட்டி.

தணிக்கை வந்தது. நிர்ணயித்த அளவுக்கு மேல் 60 ஃபில்டர், 2,400 ரூபாய் அரசுப் பணம் முடக்கம், ஒவ்வொரு காலாண்டும் தொடர்ந்து மீறல் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. அந்த வருஷம் என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. மெமோ நிலுவையில் இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடும். வீட்டில் இரண்டு குழந்தைகள், மனைவிக்கு உடம்பு சரியில்லை. நான் ஒரு பைசா எடுத்தவன் இல்லை. ஆனால் 'மீறல்' என்ற வார்த்தையைப் படித்தபோது கை நடுங்கியது.

இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் இரவு முசியேயின் வேலி நினைவுக்கு வந்தது. 240-க்கு 300. கால் பங்கு. 40-க்கு 50! எழுந்து விளக்கைப் போட்டுக் கணக்கு எழுதினேன்.

மேலிடத்துப் பட்டியலிலேயே ஒரு இண்டெண்டுக்கு 144 ரூபாய் செலவு, ஒரு ஃபில்டர் வருஷம் முழுவதும் கிடந்தால் 6 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். 240-ஆக வாங்கினால் வருஷத்துக்கு ஐந்து தடவை, 720 ரூபாய். கிடக்கும் செலவு 120 ஃபில்டருக்கு 720. மொத்தம் 1,440. 300-ஆக வாங்கினால் நாலு தடவை, 576. கிடக்கும் செலவு 150-க்கு 900. மொத்தம் 1,476.

அரசுக்கு என்னால் வந்த நஷ்டம் வருஷத்துக்கு 36 ரூபாய். 

தணிக்கை எங்கே தவறியது என்று அப்போது புரிந்தது. கூடுதல் சரக்கின் விலையை, 2,400-ஐ, நஷ்டம் என்று எழுதினார்கள். அது நஷ்டம் இல்லை, ஃபில்டர் அலமாரியில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் ஜீப்பில் ஏறிவிடும். சராசரியில் கூடியிருப்பது 60-ம் அல்ல, 30. அந்த முப்பதைக் கிடத்துவதற்கு 180 ரூபாய் கூடுகிறது. ஒரு இண்டெண்ட் குறைந்ததில் 144 மிச்சம். மிச்சத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. ஒரு பக்கத்தின் நீளம் கூடியதைப் பார்த்தவர்கள் அகலம் குறைந்ததைப் பார்க்கவில்லை.

என் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி படித்துவிட்டு, "இது எங்கய்யா படிச்சே?" என்றார். பிரான்சிலிருந்த என் சித்தப்பா மகன் அனுப்பிய கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'ஃபோர்முல் த வில்சோன்', வில்சன் சூத்திரம் என்று இருந்ததைக் காட்டினேன். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1934-ல் அதைப் பற்றி எழுதிப் பரப்பிய ஆர். எச். வில்சன் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் முதலில் எழுதியவர் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கர், 1913-ல், 'ஃபாக்டரி' என்ற தொழிற்சாலை நிர்வாகப் பத்திரிகையில். அவர் பெயரைப் பல்லாண்டுகள் மறந்தேவிட்டார்கள் என்று பின்னாளில் படித்தேன்.

ஆட்சேபணை கைவிடப்பட்டது, ஆனால் பதினான்கு மாதம் கழித்து. அதற்குள் அந்த வருஷப் பட்டியல் போய்விட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர் எனக்கு முன்னால் போனார். 36 ரூபாய்க்கு நான் கொடுத்த விலை அது. பென்ஷன் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஃபில்டர் பெட்டிகள் கண்முன் வரும்.

முழுக் கதையும் சொன்னால்தான் நேர்மை. மெமோ கழிந்த பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடியில் தட்டைதானே என்று டியூப் பஞ்சருக்குப் போடும் ரப்பர் சொல்யூஷனை, வருஷத்தில் சில தடவை வாங்குவதை விட்டு, இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து வாங்கினேன். பட்டியலில் இருந்த அளவைப்போல் ஐந்து மடங்கு. கூட்டிப் பாதியாக்கிப் பார்த்திருந்தால் செலவு 2.6 மடங்கு என்று தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, சொல்யூஷன் காய்கிற சரக்கு. கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு கோடைக்குப் பிறகு பாதி ட்யூபைப் பிதுக்கினால் மெழுகுபோல் வந்தது. கெட்டுப்போகும் சரக்குக்கு இந்தத் தட்டு கிடையாது. ஆயுள் முடியும் நாளில் அது பள்ளமாக இறங்கிவிடும். அந்த முறை தணிக்கை என்னைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நியாயம்.

ஆகவே பக்கத்து வீட்டு அண்ணனிடமும் சொன்னேன். இரும்பு ரவுண்ட் பார் காயாது, எண்ணெய் தடவி மழை படாமல் வைத்தால் போதும். ஆனால் ஷாஃப்ட் டிசைன் மாறப்போகிறது, விட்டம் மாறும் என்று கம்பெனி சொன்னால், அன்று 5 டன்னும் அதிகம்தான். இருப்பை ஒட்ட வைத்து ஆர்டர் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தாது. வண்டி ஒரு நாள் தாமதமாகி லேத் நின்றால் அந்த நஷ்டம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. எவ்வளவு வாங்குவது என்பதில் தாராளமாக இருக்கலாம், எப்போது வாங்குவது என்பதில் முடியாது. இரும்பு வாங்கிய மனிதராதலால் இது அவருக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது.

கடைசியில் தம்பி கேட்டார்: "அப்போ ஃபார்முலா எதுக்கு அங்கிள்? கண்ணை மூடிட்டு ஏதோ ஒண்ணு வாங்கலாமே?"

"தட்டு எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?" என்று கேட்டேன். 4 என்று நீ கணக்குப் போட்டதால்தான் 5 பக்கத்தில் இருக்கிறது, 10 தூரத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததோடு உன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வண்டி கொள்ளும் அளவு, டீலர் விலை, கட்டு பிரியாத எண்ணிக்கை, காலண்டர் இவற்றைப் பார்த்து 3 டன்னிலிருந்து 6 டன்னுக்குள் எங்கே நிற்கலாம் என்று அண்ணன் முடிவு செய்யட்டும். மிஞ்சிப் போனால் எட்டேகால் சொச்சம் சதவிகிதம், வருஷத்துக்கு 4,700 ரூபாய்க்குள்.

சுவரில் ஒட்டிய தாளைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். 4.00 அடிக்கப்பட்டு, '3 முதல் 6, வண்டியைப் பொறுத்து' என்று எழுதியிருந்தது. கையெழுத்து தம்பியுடையது. பிரிப்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை என்று அந்த அம்மா சொன்னார்கள். அண்ணன் தம்பி முன்போலப் பேசிக்கொள்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. பட்டறை வாசலில் கேன்டரிலிருந்து பார் இறங்கிக்கொண்டிருந்தது. கன்னடத்தில் டிரைவர் ஏதோ சத்தம் போட, தம்பி சலானைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு பாரின் முனையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முசியே இருந்தால் அந்தத் தாளுக்குப் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பார். 'அ பே ப்ரே' என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார். ஆனால் சர்வேயர் தூங்கிவிட்டான் என்று சொன்னவரும் அவர்தானே?